தலைப்பில் நிற்கும் வினைச்சொல்: மெக்சிகோவில் ஓர் ஆலையை ஸ்பானிய மொழியில் அறிவிப்பது

2016 ஏப்ரலில் ஃபோர்டு நிறுவனம், மெக்சிகோவின் சான் லூயிஸ் பொத்தோசி மாநிலத்தில் 160 கோடி டாலர் செலவில் கார் ஆலை கட்டப்போவதாக அறிவித்தது. 2,800 பேருக்கு வேலை கிடைக்கும் என்றது. வியா தே ரேயெஸ் என்ற ஊரில் கட்டுமானமும் தொடங்கியது. 2017 ஜனவரி 3 அன்று, திட்டத்தையே ரத்து செய்வதாக அதே நிறுவனம் அறிவித்தது. அதே மாநிலத்தில் பி.எம்.டபிள்யூ. 2014 ஜூலையில் 100 கோடி டாலர் ஆலையை அறிவித்து, 2016-இல் அடிக்கல் நாட்டி, 2019 ஜூனில் திறந்துவிட்டது. அறிவிப்பு வந்த நாளில் இரண்டையும் படித்தவருக்கு எது எழும்பும், எது நின்றுபோகும் என்று தெரிந்திருக்க வழியில்லை.

ஸ்பானிய மொழியில் ஆலை அறிவிப்பு எழுதும் ஒவ்வொரு முறையும் இந்த இரண்டு ஆலைகளும் என் நினைவுக்கு வரும். இந்திய உதிரிபாக நிறுவனங்கள் சில மெக்சிகோவில் ஆலை வைத்திருப்பதால் இந்த வேலை நம் ஊர்ப்பக்கமும் வருகிறது. அதைச் செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த ஒரு பக்கத்தில் மிகக் கடினமான சொல், தலைப்பில் இருக்கும் வினைச்சொல்தான். அதைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தவறினால் உள்ளே எவ்வளவு நன்றாக எழுதினாலும் நிருபர் நம்பமாட்டார்.

நம் நாளிதழ்களில் தலைப்புக்கு வினைமுற்று கட்டாயமில்லை. 'மெக்சிகோவில் புதிய பிரேக் ஆலை: நிறுவனம் அறிவிப்பு' என்று பெயர்ச்சொற்களை அடுக்கி, நடுவில் ஒரு முக்காற்புள்ளி வைத்தால் போதும். நம் கண்ணுக்கு அது முழுமையான தலைப்பு. ஸ்பானிய நிருபருக்கு அது அரைகுறை. அவர் எதிர்பார்ப்பது எழுவாய், வினை, செயப்படுபொருள் என்று நேராக ஓடும் ஒரு வாக்கியம். யார், என்ன செய்கிறார், எதை, எங்கே என்பது அந்த வரிசையிலேயே வர வேண்டும். முதல் சொல்லுக்கும் பெயர்களுக்கும் மட்டுமே பெரிய எழுத்து. ஆங்கிலத் தலைப்பைப் பார்த்து எல்லாச் சொற்களுக்கும் பெரிய எழுத்து போட்டால், வேறு மொழியிலிருந்து பெயர்த்தது என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். தலைப்பின் முடிவில் புள்ளி கிடையாது.

சரி, எந்த வினை? பெரும்பாலான நிறுவனங்கள் கேட்பது 'அனுன்சியா', அதாவது 'அறிவிக்கிறது'. அறிவிக்கிறது என்பது செய்தியே அல்ல. அறிக்கை கையில் இருப்பதாலேயே அறிவித்துவிட்டார்கள் என்று நிருபருக்குத் தெரியும். என்ன நடக்கப்போகிறது என்பதுதான் அவருக்கு வேண்டும். ஆகவே 'இன்வெர்திரா', அதாவது 'முதலீடு செய்யும்', அல்லது 'அப்ரிரா', அதாவது 'திறக்கும்'. இரண்டும் எதிர்கால வினைமுற்று. சுருக்கமானவை, திடமானவை. அந்தத் திடத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. 'இன்வெர்திரா' என்று ஒரு நிறுவனம் தன் பெயரோடு எழுதினால் அது வாக்குறுதி.

எனவே வினையைத் தேர்ந்தெடுக்கும் முன் நிறுவனத்திடம் நான் கேட்கும் கேள்விகள் மொழியைப் பற்றியவை அல்ல. இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்துவிட்டதா? நிலம் வாங்கியாயிற்றா, குத்தகையா, வெறும் பேச்சுவார்த்தையா? நகராட்சியிடமிருந்து நிலப்பயன்பாட்டு அனுமதி வந்துவிட்டதா? சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தாக்கல் செய்தாயிற்றா? மின் இணைப்புக்கு உறுதி உண்டா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் 'இன்வெர்திரா'. ஒப்புதல் உண்டு, அனுமதிகள் பாக்கி என்றால் 'ப்ரெவே இன்வெர்திர்': முதலீடு செய்யத் திட்டமிட்டுள்ளது. இடங்களை இன்னும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றால் 'எவலூவா': பரிசீலிக்கிறது. கடைசி நிலையில் அறிக்கையே வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. தலைமை அலுவலகத்துக்கு 'ப்ரெவே' பிடிக்காது, பலவீனமாகத் தெரியும். ஆனால் திட்டம் ஆறு மாதம் தள்ளிப்போனால் அந்தச் சொல்தான் அவர்களைக் காப்பாற்றும்.

இங்கே ஆங்கிலத்திலிருந்து வருகிறவர்கள் விழும் ஒரு குழி உண்டு. 'முதலீடு செய்யக்கூடும்' என்று பணிவாகச் சொல்வதாக நினைத்து 'இன்வெர்திரீயா' என்று எழுதிவிடுவார்கள். இலக்கணப்படி அது நிபந்தனை வினை. ஆனால் ஸ்பானிய இதழியலில் அதற்குத் தனியாக ஒரு வேலை இருக்கிறது. உறுதிப்படுத்தப்படாத தகவலைச் சொல்லும்போது நிருபர்கள் பயன்படுத்தும் வடிவம் அது. 'கொந்திசியோனால் தே ருமோர்' என்றே அதற்குப் பெயர்: வதந்தியின் நிபந்தனை வினை. நடைக் கையேடுகள் அதைக் கண்டிக்கின்றன, இருந்தும் செய்தித்தாள்களில் தினமும் வருகிறது. ஒரு நிறுவனம் தன்னைப் பற்றித் தானே 'இன்வெர்திரீயா' என்று எழுதினால், 'நாங்கள் முதலீடு செய்யப்போவதாகச் சொல்லப்படுகிறது' என்று தன் கடிதத்தாளிலேயே அச்சடித்தது போலாகும். இரண்டு வடிவங்களுக்கும் இடையில் ஓர் உயிரெழுத்தும் அழுத்தக்குறி விழும் இடமும்தான் வித்தியாசம்.

எண்களிலும் இதே கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு பில்லியன் என்பது நூறு கோடி. ஸ்பானிய 'பில்லோன்' நூறு கோடி அல்ல, லட்சம் கோடி. ஆயிரம் மடங்கு பெரியது. நூறு கோடிக்கு அவர்கள் சொல்வது 'மில் மில்லோனெஸ்', ஆயிரம் மில்லியன். ஆகவே ஃபோர்டின் 160 கோடி டாலர் ஸ்பானியத்தில் 1,600 மில்லியன். 'மில்லார்தோ' என்று நூறு கோடிக்கு ஒரு தனிச்சொல்லை ஸ்பானிய மொழி அகாதெமி ஏற்றிருக்கிறது, ஆனால் செய்தியறைகளில் அது அரிது. நம்மவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கோடியிலிருந்து நேராக ஸ்பானியத்துக்குப் போகலாம்: பத்து லட்சம் ஒரு மில்லோன், நூறு கோடி மில் மில்லோனெஸ், லட்சம் கோடி ஒரு பில்லோன். நடுவில் ஆங்கிலத்தைக் கொண்டுவந்தால்தான் கணக்கு குழம்பும்.

நிறுத்தற்குறிகள் நாட்டுக்கு நாடு மாறும். அந்த 1,600-ஐ மெக்சிகோ நாளிதழ் காற்புள்ளி வைத்து எழுதும், ஸ்பெயின் நாளிதழ் அதே இடத்தில் புள்ளி வைக்கும். மெக்சிகோவில் தசமத்துக்குப் புள்ளி, ஸ்பெயினில் காற்புள்ளி. ஒரே அறிக்கையை இரு நாடுகளுக்கும் அப்படியே அனுப்பினால், 1.600 என்பதை மெக்சிகோ வாசகர் ஒன்றரைக்குச் சற்று மேல் என்று படிப்பார். இன்னொன்று: மெக்சிகோவில் பெசோவுக்கும் '$' குறிதான். டாலர் தொகையை அந்தக் குறி மட்டும் போட்டு எழுதினால் பெசோ என்றே எடுத்துக்கொள்வார்கள். 'தோலாரெஸ்' என்று எழுத்தால் எழுதிவிடுவதே நல்லது. மெக்சிகோ வணிகப் பக்கங்களில் 'மில்லியன் டாலர்' என்பதற்கு எம்.டி.டி. என்று ஒரு சுருக்கம் புழங்குகிறது. அது செய்தித்தாள் தன் இடநெருக்கடிக்கு வைத்துக்கொண்ட வசதி, அறிக்கையில் நாம் முந்திக்கொண்டு போட வேண்டியதில்லை.

விளக்கத்துக்காக ஓர் ஆலையைக் கற்பனை செய்துகொள்வோம். பிரேக் பாகங்கள் செய்யும் நிறுவனம். இடம் கெரேத்தரோ மாநிலத்தின் எல் மார்கேஸ் நகராட்சி, தொழிற்பேட்டைகள் நிறைந்த பகுதி. முதலீடு 4.5 கோடி டாலர். நேரடி வேலை 320. உற்பத்தி 2027-இன் இரண்டாம் பாதியில் தொடங்கும். குழு ஒப்புதல், நிலம், அனுமதிகள் எல்லாம் கைக்கு வந்துவிட்டன. தலைமை அலுவலகம் அனுப்பிய ஆங்கில வரைவின் தலைப்பு, உலகத்தரம் வாய்ந்த அதிநவீன ஆலையின் மூலம் வட அமெரிக்காவில் தன் தடத்தை விரிவாக்குவதில் நிறுவனம் பெருமிதம் கொள்கிறது என்று நீள்கிறது. இதில் தொகை இல்லை, ஊர் இல்லை, ஆலை என்ன செய்யும் என்பதும் இல்லை. பெருமிதம் மட்டும் இருக்கிறது.

ஸ்பானியத் தலைப்பு இப்படி அமையும்: நிறுவனத்தின் பெயர், பிறகு 'இன்வெர்திரா 45 மில்லோனெஸ் தே தோலாரெஸ் என் ஊனா ப்ளாந்தா தே ஃப்ரேனோஸ் என் கெரேத்தரோ'. நிறுவனம் 45 மில்லியன் டாலரைக் கெரேத்தரோவில் ஒரு பிரேக் ஆலையில் முதலீடு செய்யும். அவ்வளவே. மெக்சிகோவில் தலைப்பை 'கபேசா', தலை, என்பார்கள். அதை ஒட்டி வரும் சிறு துணைவரிக்கு 'பலாசோ' என்று பெயர். வேலைவாய்ப்பும் தேதியும் அங்கே போகும்: எல் மார்கேஸ் ஆலை 320 நேரடி வேலைகளை உருவாக்கும், 2027-இன் இரண்டாம் பாதியில் உற்பத்தியைத் தொடங்கும். தலைப்பில் சொன்னதைத் துணைவரியில் திருப்பிச் சொல்லக் கூடாது. இரண்டும் சேர்ந்து நான்கு தகவல் தந்தால், இடம் குறைவாக இருக்கும் நாளிதழ் அந்த இரண்டு வரியையே செய்தியாகப் போட்டுவிடும்.

தேதியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 'ஆஸ்தா' என்ற சொல்லுக்கு ஸ்பெயினில் 'வரை' என்று பொருள். மெக்சிகோவில் அதே சொல் 'அதற்கு முன் இல்லை' என்ற பொருளிலும் வரும். ஆலை 'ஆஸ்தா 2027' திறக்கும் என்று எழுதினால் மெக்சிகோக்காரர் '2027-இல்தான் திறக்கும்' என்று புரிந்துகொள்வார். மாட்ரிட்டில் இருப்பவர் '2027 வரை திறந்திருக்கும்' என்று படித்துவிட்டு, அதற்குப் பிறகு மூடிவிடுவார்களா என்று யோசிப்பார். இந்தச் சொல்லை ஆலை அறிவிப்பில் தொடவே வேண்டாம். 'தொடங்கும்' என்ற வினையோடு ஆண்டை நேராகச் சொன்னால் இரண்டு கரையிலும் ஒரே பொருள்தான்.

முதல் பத்திக்கு மெக்சிகோவில் 'என்த்ராதா' என்றும் ஸ்பெயினில் 'என்த்ராதியா' என்றும் பெயர். ஊரும் தேதியும் முன்னால் வரும். நாள் முதலில், மாதம் பிறகு, மாதத்தின் பெயர் சிறிய எழுத்தில். அதன்பின் ஒரே வாக்கியத்தில் யார், என்ன, எவ்வளவு, எங்கே, எப்போது. இந்த வாக்கியத்தில்தான் மிகப் பரவலான ஓர் இலக்கணப் பிழை வந்து உட்காரும். ஆங்கில வரைவில், ஆலை கட்டப்படும் என்று சொன்னபின் ஒரு காற்புள்ளி வைத்து, '320 வேலைகளை உருவாக்கிக்கொண்டு' என்ற பொருளில் ஒரு வால் ஒட்டியிருப்பார்கள். அதை அப்படியே 'ஹெனெராந்தோ 320 எம்ப்ளேயோஸ்' என்று எழுதுவது எளிது. எழுதவும் செய்கிறார்கள், மெக்சிகோ அரசு அலுவலகங்களின் அறிக்கைகளிலும் இதைப் பார்க்கலாம். ஆனால் ஸ்பானிய இலக்கணத்தில் அந்த எச்ச வடிவம், முக்கிய வினைக்கு முன்போ அதனுடன் சேர்ந்தோ நடப்பதைத்தான் குறிக்க வேண்டும். பின்னால் நடப்பதற்கு அதைப் போட்டால் பிழை. பள்ளியிலேயே பெயர் சொல்லிக் கண்டிக்கும் பிழை, நல்ல ஆசிரியரின் சிவப்புப் பேனா முதலில் போகும் இடம்.

தமிழ்க்காரருக்கு இதைப் புரியவைக்க இலக்கணப் பாடம் தேவையில்லை. நம் செய்து என்னும் வாய்பாட்டு எச்சமும் பொதுவாக அந்த ஒழுங்கில்தான் ஓடுகிறது. 'ஆலையைக் கட்டி, வேலை தரும்' என்போம். 'வேலை தந்து, ஆலையைக் கட்டும்' என்றால் பொருள் தலைகீழாகிவிடும். முன்னது எச்சமாகவும் பின்னது முற்றாகவும் வருவது நமக்குப் பழக்கம். அந்தக் காதோடு கேட்டால் 'ஹெனெராந்தோ' உறுத்தும். 'கே ஹெனெரரா' என்று மாற்றிவிட வேண்டியதுதான்: '320 வேலைகளை உருவாக்கும் ஆலை'. பிழை போய்விடும், வாக்கியமும் தெளியும்.

வேலை எண்ணிக்கையிலும் நேர்மை வேண்டும். நேரடி வேலை என்பது ஆலையின் சம்பளப் பட்டியலில் வருவது. மறைமுக வேலை என்பது சரக்கு லாரி, சாப்பாட்டுக் கூடம், காவல், சப்ளையர் என்று பரவும் மதிப்பீடு. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகத் தலைப்பில் போடச் சொல்வார்கள். நான் போடுவதில்லை. 320 என்பது முதல் நாளிலேயே எடுக்கப்போகும் ஆட்களா, மூன்று ஆண்டுகளில் படிப்படியாகச் சேரும் எண்ணிக்கையா என்பதையும் இரண்டாம் பத்தியில் சொல்லிவிடுவேன். திறப்புவிழா அன்று உள்ளூர் நிருபர் முதலில் கேட்பது, 'இப்போது எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்' என்பதைத்தான்.

மெக்சிகோவின் வடக்கிலும் நடுமேட்டிலும் இன்னொரு கேள்வி கட்டாயம் வரும்: தண்ணீர். மெக்சிகாலியில் கான்ஸ்டலேஷன் பிராண்ட்ஸ் கட்டிக்கொண்டிருந்த மதுபான ஆலை, 2020 மார்ச்சில் நடந்த மக்கள் கருத்தறிதலுக்குப் பிறகு நிறுத்தப்பட்டது. தண்ணீர்தான் அங்கே சண்டை. 2023-இல் டெஸ்லா நுவேவோ லியோன் மாநிலத்துக்கு வருவதை முதலில் சொன்னவர் நிறுவனத் தலைவர் அல்லர், பிப்ரவரி 28 அன்று காலைப் பத்திரிகையாளர் சந்திப்பில் ஜனாதிபதி லோபெஸ் ஒப்ரதோர். அதற்கு முன்பே தண்ணீர்ப் பற்றாக்குறையைக் காட்டி அனுமதி மறுக்கப்படலாம் என்று பேசியிருந்த அவர், மறுசுழற்சி நீரைப் பயன்படுத்த நிறுவனம் ஒப்புக்கொண்டிருப்பதாகவும் அன்று சொன்னார். அடுத்த நாள் எலான் மஸ்க் உறுதிப்படுத்தினார். 2024 ஜூலையில், அமெரிக்கத் தேர்தல் முடியும் வரை திட்டம் நிறுத்திவைக்கப்படுகிறது என்றும் அவரே சொன்னார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட வழக்கம் இரண்டு. பிரேக் ஆலை சிறியதாக இருந்தாலும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது என்று ஒரு பத்தி வைப்பேன். தகவல் கைக்கு வரும்வரை அறிக்கையை நிறுத்திவைப்பேன். இரண்டாவது, மாநில அரசின் அறிக்கையும் அதே நாளில் வரும் என்று முதலிலேயே கணக்கில் எடுப்பேன். தொழில்துறைச் செயலகத்தின் செய்திப் பிரிவோடு முன்னதாகவே பேசி தொகை, நாணயம், வேலை எண்ணிக்கை, தேதி நான்கையும் ஒத்துப்பார்த்துவிட வேண்டும். நாம் டாலரில் சொல்ல, அவர்கள் பெசோவில் சொல்ல, வேலை எண்ணிக்கையில் அவர்கள் மறைமுக வேலையையும் சேர்த்துவிட்டால், மறுநாள் செய்தி ஆலையைப் பற்றி இருக்காது, முரண்பாட்டைப் பற்றித்தான் இருக்கும்.

மேற்கோளுக்கு ஒரு பத்தி போதும், பெரிய மனிதர்கள் எத்தனை பேர் வரிசையில் நின்றாலும். அது தகவல் சொல்லக் கூடாது, காரணம் சொல்ல வேண்டும்: ஏன் கெரேத்தரோ, ஏன் இப்போது. வாடிக்கையாளர் ஆலைகள் சில மணி நேர லாரிப் பயணத்தில் இருக்கின்றன என்பது ஒரு காரணம். 'மகிழ்ச்சி அடைகிறோம்' என்பது காரணமல்ல. கூற்று வினையாக 'திஹோ' (சொன்னார்), 'எஸ்ப்ளிகோ' (விளக்கினார்) என்று எளியதையே போட வேண்டும். மேற்கோள் முடியும் இடத்தில் ஸ்பானிய வழக்கப்படி முற்றுப்புள்ளி மேற்கோள்குறிக்கு வெளியே வரும். மெக்சிகோ அச்சில் இரட்டை மேற்கோள்குறி, ஸ்பெயினில் நூல்களும் சில இதழ்களும் கோண வடிவக் குறி. கடைசியில் நிறுவனத்தைப் பற்றி நான்கு வரி. தொடர்புக்கு ஸ்பானியம் பேசும் ஒருவரின் கைபேசி எண், அவர் மெக்சிகோ நேரப்படி காலையில் அழைப்பை எடுக்கிறவராக இருக்க வேண்டும்.

அறிக்கை போன மறுநாள் காலை, மாநில நாளிதழ்களின் இணையப் பக்கங்களைத் திறந்து தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படிப்பேன். நம் 'இன்வெர்திரா' அப்படியே நின்றிருந்தால் நிருபர் நம்பியிருக்கிறார். 'அனுன்சியா' ஆகியிருந்தால் பொறுப்பை நிறுவனத்தின் மேலேயே வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார், எந்தத் தகவல் போதவில்லை என்று கேட்டு அழைக்கலாம். 'இன்வெர்திரீயா' என்று ஒரே ஒரு இதழ் மாற்றியிருந்தாலும் அன்றைக்கே அழைத்தாக வேண்டும். அவர் நகராட்சியில் விசாரித்திருப்பார், அங்கே யாரோ நிலப்பயன்பாட்டுக் கோப்பு இன்னும் மேசையில்தான் இருக்கிறது என்று சொல்லியிருப்பார்.